மேனேஜர் கூப்பிடும் டின்னருக்கு ‘வரல சார்’ சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

புதன்கிழமை மதியம். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஐ.டி. ஆபீஸ். மேனேஜர் உங்கள் சீட்டுக்கு வந்து, “வெள்ளிக்கிழமை வேளச்சேரில டின்னர், எட்டு மணிக்கு. வந்துடுங்க” என்கிறார். உங்களால் போக முடியாது, அல்லது போக விருப்பமில்லை. அந்த நேரத்தில் நம்மில் பலருக்கு வாயில் வருவது “பாக்கறேன் சார்” என்பதுதான். முதல் தவறு அதுதான்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம் “பாக்கறோம்” என்றால் பெரும்பாலும் வரமாட்டோம் என்று இரு தரப்புக்கும் புரிந்துவிடும். உணவகத்தில் டேபிள் சொல்லி வைக்கும் மேனேஜருக்கு அது போதாது. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் பஃபே உணவகத்தில் முன்கூட்டியே எத்தனை பேர் என்று கேட்பார்கள். அவர் உங்களையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நீங்கள் “சாரி சார், வர முடியல” என்று மெசேஜ் போட்டால், டின்னருக்கு வராதது சின்ன விஷயமாகிவிடும். கடைசி நேரத்தில் காலை வாரிய ஆள் என்பதுதான் அவர் மனதில் நிற்கும்.

அதனால் முடியாது என்றால் கேட்ட அன்றே சொல்லிவிடுங்கள். நிஜமாகவே வீட்டில் கேட்க வேண்டியிருந்தால், “நாளைக்கு மதியத்துக்குள்ள உறுதியா சொல்லிடறேன் சார்” என்று நேரம் குறித்துக் கேளுங்கள். அவர் மறுபடி கேட்கும்வரை காத்திருக்காமல், அந்த நேரத்துக்குள் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, காரணம் சொல்வதில். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மேனேஜர் வேலையே யாருக்கு எங்கே என்ன தடை என்று கண்டுபிடித்து அதை நீக்குவது. நீங்கள் ஒரு தடையைச் சொன்னால் அவர் உடனே அதைத் தீர்க்கப் பார்ப்பார். உங்கள் வீடு செங்கல்பட்டில் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகும்:

“திரும்பிப் போக லேட்டாயிடும் சார், ட்ரெயின் கிடைக்காது.”
“அதுக்கென்ன, கேப் போட்டுடலாம்.”
“வெள்ளிக்கிழமை நான்-வெஜ் சாப்பிடமாட்டேன் சார்.”
“அங்க வெஜ்ஜும் இருக்கு. இல்லன்னா வியாழக்கிழமைக்கு மாத்திக்கலாம்.”
“குழந்தைக்கு வேற உடம்பு கொஞ்சம்...”

மூன்றாவது காரணத்தில் அவருக்குப் புரிந்துவிடும், இவருக்கு வர மனசில்லை என்று. முதல் இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றை எடுத்ததால், மூன்றுமே சாக்காகத் தெரிகின்றன. அவர் டின்னரையே வேறு நாளுக்கு மாற்றிவிட்டால் நிலைமை இன்னும் சங்கடம்.

இதற்கு வழி, முடிவை முன்னால் வைப்பது: “கூப்பிட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ் சார். இந்த வெள்ளிக்கிழமை என்னால வர முடியாது. சாயந்திரம் குழந்தையை நான்தான் பாத்துக்கணும்.” அதோடு நிறுத்துங்கள். நன்றி ஒன்று, முடிவு ஒன்று, வேண்டுமானால் காரணம் ஒன்று. அவர் “கேப் போடலாமே” என்றால் புதுக் காரணம் தேடாமல், “இல்ல சார், இந்த தடவை முடியாது. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க” என்று அதே பதிலைச் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். ஒரே பதிலைத் திரும்பக் கேட்டால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள்.

வெளியே சொல்ல விருப்பமில்லாத காரணம் என்றால் “வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு” போதும். இல்லாத சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்காதீர்கள். திங்கட்கிழமை அவர் அக்கறையாக “சித்தப்பா எப்படி இருக்காங்க?” என்று கேட்பார். பிறகு அந்தக் கதையை நீங்கள் வாரக்கணக்கில் சுமக்க வேண்டும். நடுவில் வெள்ளிக்கிழமை இரவு சினிமா தியேட்டரில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால் அதோடு நம்பிக்கை போய்விடும்.

மது பரிமாறும் இடம் என்பதால் தயங்குகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. “எனக்கு இந்த மாதிரி இடமெல்லாம் பிடிக்காது சார்” என்பது, போகிற மற்றவர்களைக் குறை சொல்வதுபோல் விழும். குடிதான் தடை, சாப்பிடப் போவதில் சிக்கல் இல்லை என்றால், “நான் குடிக்கமாட்டேன் சார். சாப்பாட்டுக்கு வந்துட்டு ஒம்பது மணிக்குக் கிளம்பிடறேன்” என்று முன்னாலேயே சொல்லுங்கள். நேரத்தை முதலில் சொன்னவர் கிளம்பும்போது யாரும் பிடித்து உட்கார வைப்பது குறைவு. இப்படிப் போவதானால் ஆரம்பத்திலேயே போங்கள். மேனேஜர் எல்லோரிடமும் நின்று பேசுவது முதல் அரை மணி நேரத்தில்தான்.

சொல்லும் இடமும் முக்கியம். டீம் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் “சூப்பர் சார்” என்று போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் நீங்கள் “என்னால முடியாது” என்று போட்டால், தயங்கிக்கொண்டிருக்கும் இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே வருவார்கள். ஏற்பாட்டைக் கலைத்தது நீங்கள் என்று ஆகிவிடும். முதலில் அவரிடம் நேரிலோ தனி மெசேஜிலோ சொல்லிவிட்டு, பிறகு குரூப்பில் யார் யார் வருகிறார்கள் என்று ஓட்டெடுப்பு வைத்திருந்தால் அதில் ‘இல்லை’யைத் தட்டுங்கள். குரூப்பில் ஒன்றுமே சொல்லாமல் இருப்பதும் சரியில்லை. கணக்கு எடுப்பவர் உங்களுக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டிவரும்.

ஒட்டாத ஆள் என்ற பெயர் பெரும்பாலும் வராததால் மட்டும் வருவதில்லை. வராத பிறகு நடந்துகொள்வதிலும் வருகிறது. திங்கட்கிழமை மற்றவர்கள் டின்னரைப் பற்றிப் பேசும்போது ஹெட்போனை மாட்டிக்கொள்வது பெரிய தவறு. மேனேஜரிடம் “டின்னர் எப்படி இருந்துது சார்?” என்று கேட்டு இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள். யாருக்காவது வழியனுப்பு விருந்து என்றால், நீங்கள் போகாவிட்டாலும் பரிசுக்கான பங்குப் பணத்தைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கிளம்புகிறவரிடம் பகலிலேயே பேசிவிடுங்கள்.

தொடர்ந்து மறுக்க வேண்டியிருப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் “அடுத்த தடவை கண்டிப்பா வரேன் சார்” என்று சொல்வதையும் விட வேண்டும். மூன்றாவது தடவை அந்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது. சாயந்திரமே உங்களுக்கு ஒத்துவராது என்றால் அதையே ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: “சாயந்திரம் ஏழுக்கு மேல எனக்கு எப்பவுமே கஷ்டம் சார். மதியம் லஞ்ச்னா கண்டிப்பா வருவேன்.” சொன்னால் போதாது, அடுத்த பத்து நாளுக்குள் நீங்களே “இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து லஞ்ச் போலாமா சார்?” என்று ஒருமுறை கூப்பிடுங்கள். டீ குடிக்கப் போகும்போது அழைத்தாலும் சரிதான்.

இதெல்லாம் டீம் முழுவதையும் கூப்பிடும் சாதாரண அழைப்புக்கு மட்டும். உங்களை மட்டும் தனியாக, வேண்டாம் என்று சொன்ன பிறகும், பாலியல் நோக்கத்தோடு திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அங்கே பக்குவமாகப் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மெசேஜ்களை அழிக்காமல் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித்துத் தரலாம்.