ரன் ஷீட்டை விருந்தினர் வரும் நேரத்தில் தொடங்காதீர்கள்

நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலை பழக எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே ஒரு ரன் ஷீட், அதாவது நிகழ்ச்சி நாளில் எந்த மணிக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை, எழுதிக் காட்டச் சொல்வேன். பத்தில் ஒன்பது பேரின் முதல் வரி ‘6.30 விருந்தினர் வருகை’ என்றுதான் இருக்கும். பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய முதல் ஷீட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில், ஒரு கம்பெனியின் வருடாந்திர விருந்து. 45 மேசை, வெள்ளிக்கிழமை. காலை 10 மணிக்கு மண்டபம் கைக்கு வந்தது. என் ஷீட்டிலோ காலை 10 முதல் மாலை 6.30 வரைக்கும் ஒரே வரி: ‘செட்டப்’.

வெண்டர்களிடம் தனித்தனியாக “காலையிலேயே வந்திடுங்க” என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் வந்தார்கள். சாமான் இறக்கும் லோடிங் பேயில் ஒரே நேரத்தில் நான்கு லோரி. முதலில் நுழைந்தவர் பூ அலங்காரக்காரர். மேசையே போடாத மண்டபத்தில் அவர் 45 பூச்சாடியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டார். லைட் தொங்கவிடும் இரும்புச் சட்டத்தை, அதாவது டிரஸ்ஸை, அதே தரையில் பரப்பித்தான் பூட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சாடியாகத் தூக்கி ஓரம் கட்டினோம்.

உள்ளே போகும் வரிசை ஏறக்குறைய இதுதான்: மேலே தூக்க வேண்டிய டிரஸ்ஸும் லைட்டும் முதலில். பிறகு மேடை, எல்.இ.டி. திரை, சவுண்ட். தரை காலியான பின்தான் ஹோட்டல்காரர்கள் மேசை போடுவார்கள். மேசைவிரிப்பு விரித்த பிறகே பூ. ஆகவே பூக்காரருக்குச் சொல்ல வேண்டிய நேரம் 10 மணி இல்லை, பிற்பகல் 2. வெண்டர் பட்டியலில் பெயர், போன் நம்பர், முன்பணம் கட்டியாச்சா என்பதோடு நிறுத்திவிடுகிறோம். லோரி எந்த மணிக்கு லோடிங் பேக்கு வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்ற இரண்டு கட்டங்கள் இல்லாவிட்டால் அது வெறும் முகவரிப் புத்தகம். லோரியின் உயரத்தையும் கேட்டு எழுதுங்கள். அடித்தள லோடிங் பேயின் வாசலில் உயர வரம்பு எழுதியிருக்கும். லோரி அதைத் தாண்டினால் சாமானைச் சாலையோரத்தில் இறக்கி உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

சரி, மதியத்துக்கு வருவோம். ஒன்றே கால் இருக்கும். லைட் அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

“தங்கச்சி, லைட் போக்கஸ் பண்ணணும். மண்டப லைட்டை எல்லாம் எப்ப அணைப்பீங்க?”

பின்னால் ஹோட்டல் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். இருட்டில் யாரும் கரண்டி, தட்டு அடுக்க முடியாது என்று கையை விரித்தார். ஷீட்டைப் பார்த்தேன். ‘செட்டப்’ என்றிருந்தது. அண்ணன் சிரித்துவிட்டு, “இப்ப அணைச்சாலும் ஆள் இல்ல. பையன்க பள்ளிவாசலுக்குப் போயிருக்கானுங்க” என்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகை! நம் ஊரில் வெள்ளிக்கிழமை ஒரு மணி முதல் இரண்டரை வரை மலாய்க்கார, மாமாக் ஊழியர்கள் இருக்க மாட்டார்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஷீட்டுக்குத்தான் தெரியவில்லை.

ரன் ஷீட்டை எழுத ஒரே வழி பின்னாலிருந்து எண்ணுவதுதான். இன்றைக்கு அதே நிகழ்ச்சி வந்தால் நான் இப்படிப் போடுவேன். கதவு திறப்பது 6.30. அதற்கு முன் அரை மணி நேரம் யாரும் எதையும் தொடக்கூடாது, தரை கூட்டுவது மட்டும். ஆகவே 6 மணிக்கு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஐந்தரையிலிருந்து ஆறு வரை ஊழியர்களின் சாப்பாடு. எம்சியோடு முழு ஒத்திகை 4.15 முதல் 5.30. அதற்கு முன் சவுண்ட் செக், முக்கால் மணி நேரம், மண்டபத்தில் தட்டுச் சத்தம் இல்லாமல். அதற்கும் முன் 2.45 முதல் 3.30 வரை இருட்டு, லைட் போக்கஸ். அப்படியானால் டிரஸ், மேடை, திரை எல்லாம் 12.30-க்குள் நிமிர்ந்துவிட வேண்டும். தொழுகை நேரத்தில் இருக்கிற ஆட்களை வைத்து மேசை போடலாம், பூ வைக்கலாம். அந்த 45 நிமிட இருட்டைத் தனி வரியாக எழுதி, ஹோட்டல் கேப்டனிடம் ஒரு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். மாலையிலும் இப்படி ஒரு வரி உண்டு. கோலாலம்பூரில் மஃரிப் தொழுகை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் வரும். பிரமுகர் மேடையேறும் காட்சியை 7.20-க்குப் போட்டுவிட்டு, ஸ்பாட்லைட் பையனைக் காணோம் என்று தேடாதீர்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. சவுண்ட் செக் நடுவில் மிக்சர் செத்துவிட்டது. வாசலில் தே தாரிக் கடை போட வந்தவர், தண்ணீர் கொதிக்கும் பாய்லரை சவுண்ட்காரரின் எக்ஸ்டென்ஷனிலேயே சொருகியிருந்தார். கணக்கு எளிது. நம் மூன்று முள் பிளக்கின் பியூஸ் 13 ஆம்பியர். 240 வோல்ட்டில் அது சுமார் 3,100 வாட் தாங்கும். பெரிய பாய்லர் ஒன்றே 3,000 வாட்டைத் தொட்டுவிடும். மிக்சர் எடுப்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு இடமில்லை. எல்.இ.டி. திரைக்காரர்களைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், அவர்களே மூன்று பேஸ் லைன் கேட்டு நச்சரிப்பார்கள். கரன்ட் வேண்டும் என்று வாயே திறக்காதவர்கள்தான் ஆபத்து: தே தாரிக், பாப்கார்ன், போட்டோ பூத். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே ‘எத்தனை பிளக், எத்தனை வாட், எந்தச் சுவர்’ என்று எழுதுங்கள். வாட் தெரியாது என்றால் சாதனத்தின் பின்னால் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரவு நிகழ்ச்சியில் விழுந்த ஓட்டை ஒன்றுதான், ஆனால் பெரியது. ‘நீண்டகாலச் சேவை விருது, 40 பேர், 10 நிமிடம்’ என்று எழுதியிருந்தேன். பெயர் வாசித்து, மேடையேறி, கை கொடுத்து, படம் பிடித்து இறங்க ஒருவருக்கு 25 வினாடி என்றாலே 1,000 வினாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். அதுவும் அடுத்தவர் படிக்கட்டில் தயாராக நின்றால்தான். அன்று எல்லோரும் அவரவர் மேசையிலிருந்து நடந்து வந்தார்கள். அரை மணி நேரம் ஆனது. சமையலறையில் மீன் தயாராகிக் காத்திருந்தது. ஐந்து ஐந்து பேராக மேடைக்குக் கீழே வரிசை கட்ட ஓர் ஆளை நிறுத்த வேண்டும், அவர் பெயர் ஷீட்டில் இருக்க வேண்டும். அடுத்த உணவை விடச் சொல்லிக் கேப்டனுக்குச் சைகை காட்டுவது யார் என்பதும் அப்படியே. ‘குழு’ என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்தாலும் ஷீட் முடியாது. என்னுடையது ‘10.45 நன்றியுரை’யோடு நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு ஹோட்டல்காரர்கள் மேசையைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். வாடகைக்கு எடுத்த பூச்சாடிகள் எச்சில் தட்டுகளோடு வண்டியில் ஏறிச் சமையலறைக்குப் போய்விட்டன. பூக்காரர் வந்து எண்ணியபோது 43 இருந்தது. காணாமல் போன இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவருடைய பில் வந்தது.