சொல்லை மாற்றினால் போதாது

பிறர் எழுதியதைச் சொந்த வாக்கியத்தில் எழுதப் பழக்க, பினாங்கில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிக்காட்டும் மூல வாக்கியம் இது: “வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் நீங்கியதும் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் குடியிருந்த பலர் வெளியேறினர்.”

முன், மாணவர் மாற்றி எழுதுவது: “வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் அகன்றதும் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் வசித்த பலர் கிளம்பினர்.”

இரண்டையும் மேலும் கீழுமாக எழுதச் சொல்லுங்கள். மூன்று சொற்கள்தாம் மாறியிருக்கின்றன. எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இறுதியில் மேற்கோள் குறிப்பு சேர்த்தாலும் இது நகல்தான். (மாணவர்கள் வாதாடுவது இங்கேதான்!)

மூலத்தை மூடிவிட்டு, அதன் கருத்தைப் பக்கத்து மாணவரிடம் வாயால் சொல்லியபின் எழுதவேண்டும்.

பின்: “ஜார்ஜ் டவுன் கடைவீட்டுவாசிகள் பலர் இடம்பெயர்ந்ததை, 2000இல் முடிவுற்ற வாடகைக் கட்டுப்பாட்டோடு இணைக்கிறார் இன்னார் (ஆண்டு).”

பிறகு மூலத்தைத் திறந்து, அதில் இல்லாத கருத்து நுழைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மாற்றத் தேவையில்லை.