ரீல்ஸ் ரீச் திடீரென்று விழுந்தால் செய்யக்கூடாதவை

சமையல் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு ரீல் 8,000 பேருக்குப் போகும். ஒரு நாள் மாமியார் சமையலைக் கிண்டல் செய்து போட்ட ரீல் 3 லட்சத்தைத் தொடுகிறது. அடுத்து வந்த பருப்பு உசிலி 9,000, அதற்கடுத்த வத்தக்குழம்பு 5,000. உடனே வருகிற முடிவு: "இன்ஸ்டாகிராம் நம்ம கணக்கை அமுக்கிட்டான்." அந்தக் கோபத்தில் வீடியோவை அழிப்பார்கள், அதையே மறுபடி ஏற்றுவார்கள், ஹேஷ்டேக்கை மாற்றுவார்கள், ஒரு நாளைக்கு நாலு ரீல் போடுவார்கள். ரீச் ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

அமுக்கிவிட்டார்களா என்பதை ஊகிக்கவே தேவையில்லை. செட்டிங்ஸில் Account Status என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் பதிவுகளை உங்களைப் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கத் தடை ஏதும் உண்டா, உண்டென்றால் எந்தப் பதிவால் என்று அங்கேயே தெரியும், முறையீடும் செய்யலாம். அங்கே சுத்தமாக இருந்தால் அந்தச் சந்தேகத்தை அதோடு விட்டுவிடுங்கள். வேறு ஆப்பின் லோகோவோடு வீடியோ போடுகிறவர்கள் மட்டும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்டவற்றைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021லேயே சொல்லிவிட்டது. அடுத்தவர் வீடியோவை அப்படியே எடுத்துத் திரும்பத் திரும்பப் போடும் பக்கங்களைப் பரிந்துரையிலிருந்தே விலக்குவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. சினிமா காட்சிகளை வெட்டிப் போட்டே ஓட்டும் பக்கங்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, தடை இல்லை. அப்புறம் ஏன் விழுந்தது? அதற்கு முன், உண்மையிலேயே விழுந்ததா என்று பார்க்க வேண்டும். ரீச் என்பது இரண்டு கூட்டங்களைச் சேர்த்த எண். ஒன்று உங்களைப் பின்தொடர்பவர்கள், மற்றது உங்களைத் தெரியாதவர்கள். இன்சைட்ஸில் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். நம் உதாரணத்தில் வழக்கமான ரீலின் 8,000 பேரில் 5,000 பேர் ஃபாலோயர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் போன ரீலிலும் ஃபாலோயர்கள் 5,500 பேர்தான். மற்ற அத்தனை பேரும் வெளியாட்கள். உசிலிக்கு வந்த 9,000 பேரில் ஃபாலோயர்கள் 5,200. அதாவது உசிலி விழவே இல்லை, பழைய நிலைக்கு வந்திருக்கிறது. வைரலான ஒரு ரீலை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் சரிவாகத்தான் தெரியும்.

வத்தக்குழம்பு அப்படியில்லை. அதில் ஃபாலோயர்கள் 3,900, வெளியாட்கள் 1,100. இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது, வெளியாட்கள் பக்கம் அதிகமாக. இதுதான் விசாரிக்க வேண்டிய கேஸ்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்று அறிகுறிகளைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். லைக், ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர அதிகம் உதவும். அனுப்புவது, புதியவர்களிடம் போய்ச் சேர அதிகம் உதவும். கடைசி இரண்டும் மொத்த எண்ணிக்கை அல்ல, ரீச்சோடு ஒப்பிட்ட விகிதம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 3 லட்சம் பேர் பார்த்து 600 பேர் அனுப்பிய ரீலை விட, 9,000 பேர் பார்த்து 180 பேர் அனுப்பிய ரீல் இந்தக் கணக்கில் பத்து மடங்கு வலுவானது.

சேவ் அந்த மூன்றில் இல்லை. "சேவ்தான் ராஜா" என்று வகுப்பெடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சேவ் பயனற்றது என்று சொல்லவில்லை. எக்ஸ்ப்ளோர் பக்கத்துக்கான அறிகுறிகளில் அதையும் இன்ஸ்டாகிராமே குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் சேவ் செய்கிறவர் வீடியோவைத் தனக்காக எடுத்து வைத்துக்கொள்கிறார். அனுப்புகிறவர் புதிதாக ஒருவரைக் கூட்டி வருகிறார். வெளியாட்களைத் தேடும்போது பின்னதுக்கு எடை அதிகம் இருப்பது இயல்புதானே.

இப்போது இரண்டு ரீல்களையும் பக்கத்தில் வைப்போம். உசிலி 28 விநாடி. சராசரியாக 15 விநாடி பார்த்திருக்கிறார்கள், பாதிக்குச் சற்று மேல். அனுப்பியவர்கள் 180, அதாவது 2 சதவீதம். சேவ் 270, 3 சதவீதம். வத்தக்குழம்பு 58 விநாடி. சராசரி 17 விநாடி, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அனுப்பியவர்கள் 20, அதாவது 0.4 சதவீதம். சேவ் மட்டும் 200, 4 சதவீதம். சேவ் விகிதம் கூடுதல், ரீச் குறைவு. சேவை மட்டும் பார்த்தால் இது புரியவே புரியாது.

பார்வையாளர்கள் எங்கே விலகுகிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோட்டைத் திறந்தால் விஷயம் வெளிவரும். உசிலியில் மூன்றாவது விநாடியில் நூற்றுக்கு 70 பேர் இருக்கிறார்கள். வத்தக்குழம்பில் 45 பேர். அதன் முதல் ஐந்து விநாடி என்ன? சுழலும் லோகோ, "வணக்கம் மக்களே", இன்றைக்கு என்ன சமையல் என்ற முன்னுரை. பாதிப் பேர் குழம்பைப் பார்க்காமலே தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் பொருட்கள், அளவுகள் அடங்கிய பட்டியல் வந்தது. அதுவரை இருந்த கொஞ்சம் பேர் அதை சேவ் செய்தார்கள். சேவ் கூடியதற்கும் ரீச் குறைந்ததற்கும் விளக்கம் ஒரே கோட்டில் கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது, "சேவ் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" என்று வீடியோவின் தொடக்கத்திலேயே கெஞ்சுவது. அது மேலும் இரண்டு விநாடியைத் தின்னும். இன்னொரு கூட்டம், "சுருக்கினால் போதும்" என்று 58 விநாடியை 20 ஆக்கிவிடும். நீளம் தானாகக் குற்றவாளி ஆகாது. வத்தக்குழம்பை ஒருவர் சராசரியாகப் பார்த்த நேரம் உசிலியை விட இரண்டு விநாடி அதிகம்தான். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏழு விநாடித் துணுக்குகளுக்குத் தாவினால், அதே வீடியோ திரும்பத் திரும்ப ஓடுவதும் பார்த்த நேரத்தில் சேர்வதால் சதவீதம் அழகாகத் தெரியும். ஆனால் ஒருவர் உங்களோடு இருந்த நேரம் சொற்பம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஃபாலோயர்கள் பக்கம் 5,000 சொச்சத்திலிருந்து 3,900 ஆனதற்கு, மோசமான தொடக்கத்தோடு இன்னொரு காரணமும் இருக்கலாம். மாமியார் கிண்டலைப் பார்த்து வந்தவர்கள் அடுத்த கிண்டலுக்காக வந்தவர்கள். அவர்களிடம் குழம்பைக் காட்டினால் லைக் போடாமல் தள்ளிவிடுவார்கள்; பின்தொடர்பவர்களிடையே லைக் விகிதம் இறங்கும். வைரலான ரீலைப் பின்பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறைய இருந்தால் இதை எதிர்பார்க்க வேண்டும். சமையலிலேயே கிண்டலைக் கலப்பது ஒரு வழி. இல்லையென்றால் இந்த இறக்கத்தைச் சில வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயந்துபோய் பக்கத்தின் விஷயத்தையே மாற்றுவதுதான் ஆகாது; பழையவர்களும் கழன்றுகொள்வார்கள்.

வத்தக்குழம்பு ரீலை அழிக்கவும் வேண்டாம். அதற்குச் சேர்ந்த சேவும் பார்வை நேரமும் அதோடு போய்விடும், தாமதமாக எடுபடுகிற வாய்ப்பும் போகும். அதே காட்சிகளை வைத்துத் தொடக்கத்தை மட்டும் மாற்றி, குழம்பு கொதித்து எண்ணெய் பிரிகிற காட்சியை முதல் விநாடியில் வைத்து இன்னொரு வெட்டு தயார் செய்யலாம். 2024 டிசம்பரில் வந்த ட்ரையல் ரீல் வசதி இதற்கென்றே இருப்பது போலத்தான்: உங்களைப் பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டும். தொடக்கத்தைத் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓரிரண்டு நாள் கழித்து மூன்றாவது விநாடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 45 இப்போது 60ஐத் தாண்டியிருந்தால் கோளாறு லோகோவிலும் வணக்கத்திலும்தான். அப்படியே 45இலேயே நின்றால் வத்தக்குழம்பை எப்படிக் காட்டுகிறோம் என்பதிலேயே கை வைக்க வேண்டும்.