நன்கொடை வேண்டுகோளைத் தமிழாக்குவது எப்படி: ஒரு குடிநீர்க் கடிதத்தை முன்வைத்து

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் பலவும் தங்கள் நன்கொடை வேண்டுகோளை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொள்கின்றன. பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை, பாலக்கோட்டுக் கடைக்காரருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அனுப்ப வேண்டிய நிலை வரும்போது, மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்கள். இந்த வேலையைப் புதிதாக ஏற்பவர்கள் பின்பற்றத்தக்க வழிமுறையை, ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கடிதம் பயிற்சிக்காக நான் அமைத்த மாதிரி; அதிலுள்ள மனிதர்களும் தொகையும் கற்பனை. ஃப்ளோரைடு பற்றிய செய்திகள் மட்டும் உண்மை.

கடிதத்தின் பொருள் இதுதான். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி சிரிக்க வெட்கப்படுகிறாள். அவர்கள் குடிக்கும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதால் அவள் பற்களில் பழுப்புக் கறை படிந்துவிட்டது. ஃப்ளோரைடை ஈர்த்துக்கொள்ளும் அலுமினா மணிகள் நிரப்பிய வீட்டு வடிகட்டி ஒன்றுக்கு 1,500 ரூபாய் ஆகும். அதைத் தர வேண்டும் என்று நிறுவனம் கேட்கிறது. மூன்றாம் பத்தியில், அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருப்பதும், பள்ளியில் வகுப்புப் படம் எடுத்தபோது அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதும் போகிறபோக்கில் சொல்லப்படுகின்றன. தொடக்கப் பத்தியை வரிக்கு வரி மாற்றினால் கிடைப்பது இது:

> கற்பனை செய்து பாருங்கள். நீங்கள் பதினோரு வயதானவர். நீங்கள் சிரிப்பதற்குப் பயப்படுகிறீர்கள், ஏனெனில் நீங்கள் குடிக்கும் தண்ணீர் உங்கள் புன்னகையைத் திருடிவிட்டது. வெறும் 1,500 ரூபாயால், நீங்கள் அவளது புன்னகையைத் திருப்பித் தர முடியும். இன்று ஒரு மாற்றத்தை ஏற்படுத்துவீர்களா?

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் பதினோரு வயதானவர்’ என்றால் அவருக்கு இரக்கம் வருவதற்கு முன் சிரிப்பு வந்துவிடும்.

முதற்படி: கடிதத்தின் உணர்ச்சி எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தல்

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன், ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு என்ன நேர்ந்தது, பணம் எதை வாங்கும், அந்தப் பணத்தால் நடக்கக்கூடியது என்ன. மூன்றாவதை எழுதும்போதுதான் இந்தக் கடிதத்தின் ஓட்டை தெரிகிறது. நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுவரை, அளவுக்கு மீறிய ஃப்ளோரைடு உடலில் சேர்வதால் ஏற்படுவது இந்தக் கறை. பல் முளைத்தபின் தண்ணீரை மாற்றினால் ஏற்கெனவே படிந்த கறை போய்விடாது. ஆகவே வடிகட்டி அந்தச் சிறுமியின் ‘புன்னகையைத் திருப்பித் தராது’. அது காப்பாற்றக்கூடியது மூன்று வயதுத் தம்பியின் பற்களை; எல்லோருக்குமாகச் சேர்த்து, நெடுங்காலம் இதே தண்ணீரைக் குடிப்பதால் எலும்பும் மூட்டும் இறுகும் பாதிப்பைத் தடுக்கவும் அது உதவும்.

தொலைவில் இருக்கும் வாசகர் இந்த வாக்கியத்தைக் கடந்து போய்விடுவார். நம் வாசகர் அப்படிப் போகமாட்டார். கறை படிந்த பற்களை அவர் சொந்த வீட்டிலேயே பார்த்திருப்பார். தண்ணீர் மாறியபின் அது மாறவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். எனவே அந்த வரியை எவ்வளவு அழகாகத் தமிழாக்கினாலும் அவர் நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும். என் கருத்தில், வேண்டுகோள் மொழிபெயர்ப்பில் உணர்ச்சி காணாமற்போவதற்குச் சொல் வறுமையைவிட இத்தகைய பொருத்தமின்மையே பெரும்பாலும் காரணம்.

இரண்டாம்படி: கேள்வித்தாள் அனுப்புதல்

மூலத்தில் இல்லாததை நாமாகச் சேர்க்கும் உரிமை நமக்கு இல்லை. அதே வேளையில், உள்ளூர் வாசகர் உடனே கேட்கக்கூடிய கேள்விக்குக் கடிதம் பதில் சொல்லாமல் இருக்கவும் கூடாது. ஆகவே கேள்விகளை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பிப் பதில் பெற்றபின் எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்குக் குறைந்தது இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இயங்குகிறது. ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் அதன் நோக்கம். அப்படியிருக்க, இந்த வீடுகள் ஏன் இன்னும் போர்வெல் தண்ணீரைக் குடிக்கின்றன? குழாய் எட்டவில்லையா, வாரத்தில் சில நாள்தான் வருகிறதா என்பதை நிறுவனம்தான் சொல்ல வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. இரண்டு, ‘காய்ச்சிக் குடிக்கலாமே’ என்று நினைப்பவர்களுக்கு என்ன பதில்? காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இதைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்க அனுமதி கேளுங்கள்.

வேறொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலக் கடிதத்தைப் படிப்பவர் அந்தச் சிறுமியை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. தமிழ்க் கடிதத்தை அவள் பெரியப்பாவே படிக்கக்கூடும். வாட்ஸாப்பில் அது அவள் வகுப்பாசிரியருக்கும் போய்ச்சேரும். எனவே ஊர்ப்பெயர், பள்ளிப்பெயர், முகம் தெரியும் படம் ஆகியவற்றைத் தமிழ் வடிவத்தில் நீக்குமாறு பரிந்துரையுங்கள். சொல்லையும் இதே அளவுகோலால் பாருங்கள். ‘பரிதாபத்துக்குரிய’, ‘அபலை’, ‘நாதியற்ற’ போன்ற சொற்களை அவள் தாய் எதிரே உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படிக்க உங்களுக்கு நா எழாது என்றால், அவை கடிதத்திலும் வேண்டாம்.

மூன்றாம்படி: மூலத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தல்

பதில்கள் வந்தபின் ஆங்கிலத் தாளை மூடிவைத்துவிட்டு, செய்தியை வீட்டில் உள்ள ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது ‘கற்பனை செய்து பாருங்கள்’ என்று யாரும் தொடங்குவதில்லை; கண்ணால் கண்ட ஒன்றைத்தான் முதலில் சொல்கிறோம். அந்த வகையில் மூலத்தின் மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும் வகுப்புப் படக் காட்சி தானாகவே முதலிடத்துக்கு வரும். மூலத்தில் உள்ள விவரத்தை இடம் மாற்றுவது தவறன்று. இல்லாத விவரத்தை உண்டாக்குவதுதான் தவறு. குழாய் அந்தத் தெருவரை வரவில்லை என்று நிறுவனம் பதில் எழுதியதாக வைத்துக்கொண்டு எழுதினால், தொடக்கம் இவ்வாறு அமையலாம்:

> வகுப்புப் படம் எடுத்த அன்று எல்லாப் பிள்ளைகளும் சிரிக்க, அவள் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பதினோரு வயது. பற்களில் பழுப்புக் கறை. குடிக்கும் போர்வெல் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம். காய்ச்சினாலும் அது போகாது. ஒகேனக்கல் குழாய் இன்னும் அவர்கள் தெருவுக்கு வரவில்லை. தண்ணீரை மாற்றினாலும் அவள் பற்களில் படிந்த கறை இனி மாறப்போவதில்லை. ஆனால் அதே குடத்துத் தண்ணீரைத்தான் அவளுடைய மூன்று வயதுத் தம்பியும் குடிக்கிறான். அவனுக்கு நிலைப்பற்கள் இன்னும் முளைக்கவில்லை.

இங்கே ‘நீங்கள்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஆங்கிலத்தில் வாசகரைத் திரும்பத் திரும்ப விளித்தால் நெருக்கம் கூடும். தமிழில் அதையே செய்தால் விரல் நீட்டிப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. நெருக்கத்தை ‘மட்டும்’, ‘இன்னும்’, ‘இனி’, ‘தம்பியும்’ என்பதிலுள்ள உம்மை போன்ற சிறு உறுப்புகளே தாங்கிக்கொள்கின்றன. வாக்கிய நீளத்தையும் கவனியுங்கள். முதல் வாக்கியம் வினையெச்சத்தால் நீண்டு போய் ‘நின்றாள்’ என்று முடிகிறது. அதன்பின் வரும் ‘பதினோரு வயது’ தனியே நிற்பதால் கனக்கிறது. எல்லா வாக்கியங்களையும் குட்டையாக வெட்டினால் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி உண்டு. ஆங்கில வாடை வீசக் கூடாது என்ற எச்சரிக்கையில், ‘கருணை உள்ளம் கொண்ட பெருமக்களே, வாரி வழங்குவீர்’ என்று கும்பாபிஷேக நோட்டீஸ் நடைக்குப் போய்விடுகிறோம். அந்த நடையைப் படித்துப் படித்துக் கண் பழகிவிட்டதால், வாசகர் தொகையைக்கூடப் பார்க்காமல் தாளை மடித்துவிடுவார்.

நான்காம்படி: பணம் கேட்கும் வரி

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லப்படும் தன்மைப் பன்மை தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டாகப் பிரிவதால், ஒவ்வோர் இடத்திலும் எது என்று முடிவுசெய்தாக வேண்டும். கணக்கும் பொறுப்பும் பேசும் இடத்தில் ‘நாங்கள்’ வர வேண்டும்: ‘வடிகட்டியை நாங்களே பொருத்தி, மணிகளை உரிய காலத்தில் மாற்றிக் கொடுக்கிறோம்.’ இங்கே ‘நாம்’ என்று எழுதினால், வாசகர் செய்யாத வேலையில் அவரைப் பங்காளியாக்கியதுபோல் ஒலிக்கும். மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ‘நம் ஊர்த் தண்ணீர்’ என்பதே சரி. தொலைவிலிருந்து வந்த கடிதம் அந்தச் சொல்லால்தான் உள்ளூர்க் கடிதமாகிறது.

‘வெறும் 1,500 ரூபாய்’ என்பதில் ‘வெறும்’ என்பதை எடுத்துவிடுங்கள். நாள்கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் இந்தக் கடிதம் படிக்கப்படும். ‘1,500 ரூபாய் இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வடிகட்டி பொருத்திவிடலாம். அந்த ஒரு வீட்டை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒருவராக இயலாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் தரலாம்’ என்று எழுதினால் கேட்பது தெளிவாகவும் கூச்சப்படுத்தாமலும் இருக்கும். கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லையென்றால், அதையும் நிறுவனத்திடம் கேட்டே சேர்க்க வேண்டும்.

வருமானவரி பற்றிய வரியில் மட்டும் எந்த நயமும் வேண்டாம். நிறுவனத்தின் ஆடிட்டர் ஒப்புக்கொண்ட வாசகத்தை அப்படியே தமிழில் தாருங்கள். பல கடிதங்களில் ‘முழு வரிவிலக்கு உண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். நன்கொடையில் ஒரு பகுதியையோ முழுவதையோ வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிப்பதுதான் அந்தச் சலுகை. எவ்வளவு என்பது நிறுவனத்தை மட்டுமின்றி, கொடுப்பவரின் வருமானத்தையும் அவர் தேர்ந்தெடுத்த வரிமுறையையும் பொறுத்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது.

ஐந்தாம்படி: படித்துக் காட்டிச் சோதித்தல்

முடித்த கடிதத்தை, ஆங்கில மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு தாளை வாங்கிவைத்துக்கொண்டு, பணம் எதற்கு, அதனால் யாருக்கு நன்மை, எது சரியாகாது என்று கேளுங்கள். ‘பாவம் அந்தப் பிள்ளை’ என்று சொல்லிவிட்டு, பணம் எதற்கு என்று சொல்லத் தெரியாமல் விழித்தால், உணர்ச்சி கதையிலேயே தங்கிவிட்டது என்று பொருள். தம்பியைப் பற்றிய வரிக்கும் தொகைக்கும் இடையே நீங்கள் நுழைத்த விளக்கத்தை வெட்டி, இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். எங்கே அவர் முகம் சுளித்தார், எங்கே இரண்டாம் முறை படிக்கச் சொன்னார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தியபின், இடம் மாற்றியவை, நீக்கியவை, அனுமதி பெற்றுச் சேர்த்தவை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ‘புன்னகையைத் திருப்பித் தருதல்’ என்ற வரியை ஏன் விட்டீர்கள் என்ற காரணத்தையும் குறிப்பிட்டு, கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். ஆங்கில வடிவத்திலும் அந்த வரியைத் திருத்துவதா என்பதை நிறுவனமே முடிவுசெய்துகொள்ளும்.