மொழிப் பீரியடிலிருந்து தொடங்குங்கள்: தொடக்கப்பள்ளிக்குக் கால அட்டவணை போடும் முறை

மொரிசியசில் தொடக்கப்பள்ளிக்கு அட்டவணை போடுபவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. மொழிப் பீரியட் வந்ததும் வகுப்பே கலைந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, இந்திப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கு, 2012 முதல் கிரியோல் எடுக்கும் பிள்ளைகள் வேறோர் அறைக்கு. ஒரே பாடம்தான், ஆனால் மூன்று ஆசிரியரும் மூன்று அறையும் ஒரே நேரத்தில் வேண்டும். கணக்கையும் ஆங்கிலத்தையும் முதலில் நிரப்பிவிட்டு இதைக் கடைசியில் செருகப் பார்த்தால் இடமே இருக்காது. அதனால் இதை முதலில் வையுங்கள்.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துப் பார்ப்போம். 4, 5, 6-ஆம் வகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரே பிரிவு. நாளுக்கு 6 பீரியட். நான்காவது முடிந்தால் மதிய உணவு. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் 4 மொழிப் பீரியட், ஆக 12.

படி 1: முதலில் எண்ணுங்கள்

தமிழாசிரியர் இரண்டு பள்ளிகளுக்குப் போகிறவர். இங்கே திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும். இந்தி ஆசிரியர் மதியம் கிளம்பிவிடுவார். கிரியோல் ஆசிரியர் வியாழன் முதல் பீரியடுக்கு வர முடியாது. வகுப்பறை போக மிச்சம் இருப்பவை நூலகமும் ஒரு காலி அறையும்தான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வகுப்புக்கு மேல் மொழிப் பாடம் நடக்காது.

மூவரும் சேர்ந்து இருக்கும் நேரங்களை எண்ணினால்: திங்கள் 4, செவ்வாய் 4, வியாழன் 3. மொத்தம் 11. தேவையோ 12. எத்தனை மணி நேரம் கட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டாலும் இந்த அட்டவணை அமையாது. இதை முதலிலேயே கண்டுபிடித்தால், தலைமையாசிரியரிடம் போய்க் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தி ஆசிரியர் வியாழன் மட்டும் ஐந்தாம் பீரியட் வரை இருப்பாரா? இருந்தால் கணக்குச் சரியாக 12.

படி 2: இடைவெளி விட்டு நிரப்புங்கள்

மூன்று நாளில் 4 பீரியட் என்றால், ஏதாவது ஒரு நாள் இரண்டு வந்தே தீரும். அந்த நாளை வகுப்புக்கு வகுப்பு மாற்றி வைத்தால் மூன்று நாளும் சமமாக நிரம்பும். கட்டத்துக்குள் இருப்பது வகுப்பு எண்:

| நாள் | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|
| திங்கள் | 4 | 5 | 6 | 4 | – |
| செவ்வாய் | 5 | 6 | 4 | 5 | – |
| வியாழன் | – | 6 | 6 | 5 | 4 |

நான்காம் வகுப்புக்குத் திங்களன்று இரண்டு பீரியட், ஆனால் முதலாவதும் நான்காவதுமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். சிறு பிள்ளைகள் தொடர்ந்து இரண்டு பீரியட் ஒரே மொழியில் உட்கார மாட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு மட்டும் வியாழன் 2, 3 சேர்ந்தே வருகிறது. அது வேண்டுமென்றே செய்தது. தேர்வு வகுப்புக்குக் கட்டுரை எழுத வைத்துத் திருத்தவும் ஒரு பீரியட் போதாது.

மொழி அமர்ந்த பிறகு கணக்கை நாளுக்கு ஒன்றாக மதியத்துக்கு முன் வையுங்கள். மற்ற பாடங்கள் மிச்சக் கட்டங்களில் தாமாகவே இடம்பிடிக்கும்.

படி 3: மோதலை எக்செல்லில் பிடியுங்கள்

கட்டம் போட்ட அட்டவணையில் மோதல் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு பாடத்துக்கு ஒரு வரி என்று பட்டியலாக எழுதுங்கள். A-யில் நாள், B-யில் பீரியட், C-யில் வகுப்பு, D-யில் ஆசிரியர், E-யில் அறை, F-இல் பாடம். இரண்டாம் வரியில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,D:D,D2)>1
```

TRUE வந்தால் அந்த ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறார். D-க்குப் பதில் E போட்டால் அறை மோதல் தெரியும்.

வகுப்பு மோதலுக்கு C போட்டால்தான் சிக்கல். மொழிப் பீரியடில் ஒரே வகுப்புக்கு மூன்று வரி இருப்பதால் எல்லாமே TRUE ஆகிவிடும். அதற்காக வகுப்பை ‘5-தமிழ்’, ‘5-இந்தி’ என்று பிரித்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால், அதே நேரத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு வைத்திருந்தாலும் எக்செல் சொல்லாது. கணக்கு ஆசிரியர் காலி வகுப்பில் நிற்பார். மூன்று வரியிலும் வகுப்பு 5, பாடம் ‘மொழி’ என்றே எழுதி, வேறு பாடம் குறுக்கிடுகிறதா என்று மட்டும் கேளுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2,F:F,"<>"&F2)>0
```

படி 4: விடுமுறையோடு ஒப்பிடுங்கள்

தைப்பூசக் காவடிக்கு இங்கே பொது விடுமுறை. 2024-இல் அது வியாழக்கிழமை வந்தது. மேலே போட்ட அட்டவணைப்படி அப்படி ஒரு வாரத்தில் ஆறாம் வகுப்பு பாதி மொழிப் பாடத்தை இழக்கும், மற்ற இரண்டு வகுப்புகளும் ஒன்றோடு தப்பிக்கும். ஒரு தவணையில் வியாழன் விடுமுறைகள் அதிகம் விழுந்தால், ஆறாம் வகுப்பின் இரட்டைப் பீரியடைச் செவ்வாய்க்குக் கொண்டுபோய், ஐந்தாம் வகுப்பின் இரண்டில் ஒன்றை வியாழனுக்கு மாற்றுங்கள்.