தயிர்ச்சட்டிக்கு ஒரு மேலுறை: வாடிக்கையாளர் இல்லாமல் முதல் மாதிரியைச் செய்வது எப்படி?

வரைகலை வடிவமைப்பைக் கற்று முடித்தவர்கள் வேலை தேடும்போது காட்டும் தம் படைப்புத் தொகுப்பில் பெரும்பாலும் புகழ்பெற்ற நிறுவனங்களின் இலச்சினைகளையே மாற்றி வரைந்து வைக்கிறார்கள். அதில் கண்டிப்பான அளவோ செலவுக் கட்டுப்பாடோ இல்லாததால், வேலை தருபவருக்கு உங்கள் தீர்மானங்கள் எவையும் தெரிவதில்லை. ஆகவே கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைத் தெரிவு செய்யுங்கள். நான் எடுத்துக்கொண்டது, மட்டக்களப்பில் தெருவோரம் விற்கப்படும் எருமைத்தயிர்ச் சட்டியின் வாயை மூடிக் கட்டும் தாள்.

முதலில் ஒரு சட்டியை வாங்கி அளந்துகொள்ளுங்கள். என் சட்டியின் வாய் 16 சென்ரிமீற்றர்; கயிறு கட்டுவதற்குச் சுற்றிவர 5 சென்ரிமீற்றர் தேவைப்பட்டதால், தாளின் விட்டம் 26 ஆனது. அது ஏ4 தாளில் அடங்காது, ஏ3 வேண்டும். மடியும் ஓரத்தில் எழுத்துகள் சுருங்கி மறையும் என்பதால், எழுத்துகள் யாவற்றையும் நடுவிலுள்ள 13 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் அடக்கினேன். செலவைக் குறைக்க ஒரே நிறம் என்றும் எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

அடுத்து, கற்பனைப் பெயரொன்றை வைத்துத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இரண்டு மொழிகளிலும் உயிர்க்குறிகள் எழுத்துக்கு மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி இவற்றுக்குப் போதாது; மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'தி'யில் முட்டுகிறதா என்று அச்சிட்டே பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். எனவே யூனிகோடில் எழுதி, அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்தை உருவமாக மாற்றுங்கள். இங்க்ஸ்கேப்பில் அதற்கான கட்டளை Path > Object to Path. மாற்றிய பின் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் மூலக்கோப்பைத் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

பின்னர் அச்சிட்டுச் சட்டியில் கட்டிப் பாருங்கள். பலர் திரையில் போலிப் படம் ஒன்றைச் செய்து இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என் பார்வையில், தொகுப்பின் பெறுமதி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நான் கட்டிய சட்டியைத் தயிர் விற்கும் அண்ணனிடம் காட்டியபோது அவர், "தம்பி, ஈரம் பட்டா எழுத்து நிக்குமா?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்ட மை, மண்சட்டியில் கசிந்த ஈரத்தில் அரை மணித்தியாலத்துக்குள் கரைந்தது. அதே கோப்பை லேசர் அச்சில் எடுத்தபோது மை கரையவில்லை. ஆனால் தாள் நனைந்து கிழிந்ததால், உட்புறத்தில் மெல்லிய பொலித்தீன் வட்டமொன்றைச் சேர்த்தேன்.

தொகுப்பில் இச்செயற்றிட்டத்துக்கு ஒரு பக்கம் போதும்: அளவு குறித்த கைவரைபு, மை கரைந்த தாள், திருத்திய தாள், சட்டியில் கட்டிய படம், ஒவ்வொன்றின் கீழும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இரண்டு வரி. தலைப்பின் கீழே "சுயமாக மேற்கொண்ட மாதிரி, பெயர் கற்பனை" என்று தெளிவாக எழுதிவிடுங்கள், எழுதாமல் விட்டால், நேர்முகத்தில் "அந்த வாடிக்கையாளர் யார்?" என்ற கேள்விக்கே பக்கம் முழுவதும் பொய்யாகத் தோன்றும்.