45 மணித்தியாலம் 21 ஆன கணக்கு

கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலையொன்றின் வாராந்த நேரத்தாளைப் பார்த்துக் கொடுத்தனான். காலை 8 முதல் மாலை 6 வரை வேலை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நாளுக்கு 9, ஐந்து நாளுக்கு 45. எக்செல் காட்டினதோ 21:00. இடைவேளை இரண்டு தரம் கழிபடுதாக்கும் என்று அந்த நிரலைத்தான் நாள்கணக்காகக் கிண்டினன். அங்கை ஒரு பிழையும் இல்லை. குறைஞ்ச அளவு சரியாக 24 மணித்தியாலம் என்று கண்டபிறகுதான் பிடிபட்டது: `h:mm` வடிவம் 24 மணித்தியாலம் நிரம்பினால் திரும்பப் பூச்சியத்திலிருந்து காட்டும். `[h]:mm` என்று மாற்ற 45:00 வந்தது.

சம்பளம் மட்டும் அசையாமல் 468.75 என்றே நின்றது. மணித்தியாலத்துக்கு 250 ரூபாய். ஆனால் எக்செல் உள்ளுக்கு வைத்திருக்கிறது நாள் கணக்கு; 45 மணித்தியாலம் அதற்கு 1.875. 24 ஆல் பெருக்க 11,250 ரூபாய் சரியாக வந்தது. கீழே E2:E6 என்றது ஐந்து நாளின் வேலை நேரம்.

```
=SUM(E2:E6)*24*250
```

சம்பளக் கட்டம் நேர வடிவில் இருந்தால் எண் வடிவுக்கு மாற்றிவிடுங்கோ.